உஷார்! கடன் நிராகரிப்புக் கடிதம் கையில் இருக்கிறதா? அடுத்த பேங்க்குக்கு ஓடாதீர்கள்

ஜெஞ்சாரோமிலும் பந்திங்கிலும் தெலுக் பங்லிமா காராங்கிலும் வீட்டுக் கடனுக்கோ கார் கடனுக்கோ மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏற்கெனவே "வருந்துகிறோம்" என்ற கடிதம் வந்து சேர்ந்தவர்கள் இன்றைக்கே படியுங்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்த அதிர்ச்சியில் பலர் முதல் இரண்டு வாரத்தில் செய்யும் காரியம்தான், கடன் மறுக்கப்பட்டதைவிடப் பெரிய சேதத்தைச் செய்கிறது.

கடிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மலாயில் நாலு வரி. "தங்களின் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். வங்கியின் தற்போதைய கடன் கொள்கையின்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கீழே, இது கணினியில் அச்சானது, கையொப்பம் தேவையில்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான். சம்பளம் போதவில்லையா, பழைய பாக்கி உறுத்தியதா, தாள்கள் சரியில்லையா, எதுவும் அதில் இல்லை. திரும்ப எப்போது கேட்கலாம் என்பதும் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் ஆட்கள் நுழைகிறார்கள். "சிசிரிஸ், சிடோஸ் பெயர் கெட்டிருக்கிறது, சுத்தம் செய்து தருகிறோம்" என்று விளக்குக் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸும், வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியும் குறிவைப்பது காரணம் தெரியாமல் தவிக்கும் ஆளைத்தான். தன் மனு ஏன் தள்ளப்பட்டது என்று தெரிந்தவரை அவர்களால் அசைக்க முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் நெகாராவிடம் கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா 2001 முதல் நடத்திவரும் கடன் பதிவேடு. உங்கள் பெயரில் எந்தெந்தக் கடன் இருக்கிறது, எவ்வளவு பாக்கி, கடந்த 12 மாதத்தில் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினீர்களா, எந்த வங்கியில் மனு நிலுவையில் நிற்கிறது என்பதைத்தான் அது காட்டும். "இவருக்குக் கடன் கொடு, கொடுக்காதே" என்று அது சொல்வதில்லை. அந்த முடிவு ஒவ்வொரு வங்கியும் தானே எடுப்பது. காசு வாங்கிக்கொண்டு அந்தப் பதிவை அழிக்க எந்த ஏஜெண்டாலும் முடியாது. தவறான பதிவு இருந்தால் அதை அனுப்பிய வங்கிதான் திருத்த வேண்டும், அதற்கு நீங்கள் யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

அந்த ஏஜெண்டுகளில் கைதேர்ந்த சிலர் செய்வது வேறு. உங்கள் சின்னச் சின்னக் கடன்களை அவர்களே முதலில் அடைத்துவிடுவார்கள். பதிவேட்டில் நீங்கள் சுத்தமாகத் தெரியும் நேரம் பார்த்து, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வங்கியில் தனிநபர் கடனுக்கு மனுப் போட வைப்பார்கள். பணம் வந்ததும் தாங்கள் போட்டதையும் கூடவே ஒரு பெரிய கமிஷனையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆறாயிரம் வெள்ளிக் கடனோடு போனவர் அறுபதாயிரம் வெள்ளிக் கடனோடு திரும்புவார். வீட்டுக் கடன் என்ற பேச்சே அதற்குப் பிறகு எழாது.

இதற்கு மருந்து ஒன்றுதான்: வங்கி எழுதாமல் விட்ட காரணத்தை வரவழைத்து, அந்தக் கடிதத்தை உங்களுக்குப் புரியும் தமிழில் திரும்ப எழுதிவைத்துக்கொள்வது. இது பள்ளிக்கூட மொழிபெயர்ப்பு வேலை இல்லை. நாலு வரி மலாய்க் கடிதத்தை நாலு வரித் தமிழாக்கினால் நாலு வரி தமிழில் குழப்பம்தான் மிஞ்சும். திரும்ப எழுதும் கடிதத்தில் ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று சங்கதி இருக்க வேண்டும். வங்கி எதைப் பார்த்தது, அதை எங்கே பார்த்தது, அது எப்போது, யாரால் மாறும்.

எப்படி என்பதை ஒருவரின் கணக்கை வைத்தே காட்டுகிறேன். இவர் நானே அமைத்த ஆள், ஆனால் இவரைப் போன்றவர் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அடிப்படைச் சம்பளம் 3,200 வெள்ளி. ஓவர்டைம் சராசரியாக 800 வெள்ளி. ஜெஞ்சாரோமில் ஒரு பழைய மாடி வீட்டுக்கு 250,000 வெள்ளி கடன் கேட்டார். "நாலாயிரம் சம்பாதிக்கிறேன், மாதம் ஆயிரத்து நூறு கட்ட முடியாதா?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் வங்கி போட்ட கணக்கு வேறு.

வங்கி மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. சேமநிதியும் சொக்சோவும் பிடித்தம் போகக் கையில் வரும் தொகையைத்தான் எடுக்கும். அடிப்படைச் சம்பளத்தில் அது சுமார் 2,820 வெள்ளி. ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால் பல வங்கிகள் அதை முழுதாகச் சேர்ப்பதில்லை, ஒரு பகுதியைத்தான் எடுக்கும். இங்கே பாதி என்று வைத்துக்கொள்வோம். 400 வெள்ளி. ஆக வங்கியின் தாளில் அவர் வருமானம் நாலாயிரம் அல்ல, 3,220.

அடுத்தது கட்ட வேண்டிய கடன். சொந்தக் கார் தவணை 560 வெள்ளி. கிரெடிட் கார்டில் 6,000 வெள்ளி பாக்கி. அதில் மாதக் குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 300 வெள்ளி. மூன்றாவதாக ஒரு மைவி கார், மாதம் 380 வெள்ளி. "அது என் காரே இல்லை, மச்சான் ஓட்டுகிறார், மச்சான்தான் கட்டுகிறார்" என்பார். வங்கிக்கு மச்சானைத் தெரியாது. கடன் பத்திரத்தில் இருப்பது இவர் பெயர். ஆக 1,240 வெள்ளி ஏற்கெனவே போகிறது. புதிய வீட்டுக் கடன், 35 ஆண்டு, 4 விழுக்காடு வட்டி என்று போட்டால் மாதம் சுமார் 1,107 வெள்ளி. கூட்டினால் 2,347. வருமானமான 3,220-இல் இது 73 விழுக்காடு.

இந்த விகிதத்தைத்தான் வங்கிக்காரர்கள் டிஎஸ்ஆர் என்பார்கள். எல்லை எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி, வருமானத்துக்கு வருமானம் மாறும். குறைந்த வருமானக்காரருக்கு எல்லையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இவருக்கு 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 73 எங்கே, 60 எங்கே.

இதோடு முடியவில்லை. மச்சான் மைவிக்குத் தவணை கட்டுகிறார்தான், ஆனால் சில மாதம் கட்டாமல் விட்டு, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுகிறார். சிசிரிஸ் தாளில் ஒவ்வொரு கடனுக்கும் பன்னிரண்டு கட்டம் இருக்கும், மாதத்துக்கு ஒன்று. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0. ஒரு மாதத் தவணை நிலுவை என்றால் 1. இரண்டு என்றால் 2. இவருடைய மைவி வரியில் ஐந்து கட்டத்தில் 1, ஒரு கட்டத்தில் 2. மச்சான் தந்த வார்த்தையை நம்பி இருந்தவருக்கு இது எதுவும் தெரியாது. நம் குடும்பங்களில் தம்பிக்காக, மச்சானுக்காக, சித்தப்பா பையனுக்காகப் பெயரைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! உஷார் என்று நான் கத்துவது முக்கியமாக இவர்களைப் பார்த்துத்தான். இன்றைக்கே உங்கள் சிசிரிஸ் தாளை எடுத்துப் பாருங்கள். பேங்க் நெகாராவின் eccris.bnm.gov.my தளத்தில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் தாளை நீங்கள் பார்ப்பதால் எந்தப் பாதகமும் இல்லை.

தாள் கையில் வந்த பிறகு வங்கிக் கிளைக்குப் போங்கள். "ஏன் சார் ரிஜெக்ட் பண்ணீங்க?" என்று பொதுவாகக் கேட்டால், "சிஸ்டம் ஏத்துக்கலை" என்ற பதில்தான் வரும். கேள்வியைக் கூராக்குங்கள். என் வருமானம் என்று எந்தத் தொகையை எடுத்தீர்கள், ஓவர்டைம் சேர்ந்ததா? எந்தெந்தக் கடனை, மாதம் எவ்வளவு என்று கணக்கில் வைத்தீர்கள்? தடையாக நின்றது தவணை விகிதமா, பழைய பாக்கிப் பதிவா, தாள்களா, இல்லை வாங்கப்போகும் வீடா? வங்கி தன் மதிப்பெண் முறையை உங்களிடம் திறந்து காட்டாது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு ஓர் அதிகாரியால் பதில் சொல்ல முடியும். வாய்ப் பேச்சோடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலும் கேளுங்கள். எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் வர வாய்ப்பு அதிகம்.

இதைப் பெரிய சலுகை என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2003-இல் வெளியிட்ட நியாய நடைமுறை விதிகளில், 2 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கும் சிறு கடனாளிகளுக்கு மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் சட்டம் இன்னும் கறார். "எங்கள் உள் கொள்கைப்படி", "எங்கள் மதிப்பெண்ணை எட்டவில்லை" என்று மட்டும் எழுதினால் அது காரணம் சொன்னதாகவே ஆகாது என்று அங்கே விதி இருக்கிறது. நம்மவர் கைக்கு வரும் நாலு வரிக் கடிதம் அந்த அளவுகோலில் ஒரு நாளும் தேறாது. என் கருத்தில், காரணம் எழுதாத மறுப்புக் கடிதம் முடிக்கப்படாத கடிதம்.

இப்போது அந்தக் கடிதத்தை இப்படித் திரும்ப எழுதலாம்:

"ஐயா, ஜெஞ்சாரோம் வீட்டுக்காக நீங்கள் கேட்ட 250,000 வெள்ளிக் கடனை இப்போதைக்குத் தர இயலவில்லை. காரணம் இரண்டு.

முதலாவது, தவணைச் சுமை. உங்கள் சம்பளச் சீட்டின்படி மாதக் கைவருமானம் 3,220 வெள்ளி என்று எடுத்தோம், இதில் ஓவர்டைமில் பாதி சேர்ந்திருக்கிறது. கார் 560, மைவி 380, கிரெடிட் கார்டு 300, புதிய வீடு 1,107, ஆக மாதம் 2,347 வெள்ளி. இது வருமானத்தில் 73 விழுக்காடு. எங்கள் எல்லை 60.

இரண்டாவது, மைவி கடனின் பதிவு. கடந்த 12 மாதத்தில் ஆறு மாதம் தவணை நிலுவையில் இருந்ததாக சிசிரிஸ் காட்டுகிறது. ஒரு மாதம் அது இரண்டு தவணை அளவுக்குப் போயிருக்கிறது.

உங்கள் வேலையோ, வயதோ, தேர்ந்தெடுத்த வீடோ இந்த முடிவுக்குக் காரணம் அல்ல. மைவிக்கு இன்னும் ஏழு தவணைதான் பாக்கி. அவை தேதி தவறாமல் கட்டி முடிக்கப்பட்டு, கிரெடிட் கார்டு பாக்கியும் 3,000 வெள்ளிக்கு இறங்கினால், இதே வருமானத்தில் விகிதம் சுமார் 56 ஆகும். அப்போது மறுபடி மனுச் செய்யலாம். அன்றைய வருமானம், வட்டி, பதிவு ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்வோம் என்பதால் இதை உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம். மைவி பதிவு தவறு என்று கருதினால் அந்தக் கடன் கொடுத்த வங்கியிடம் திருத்தம் கேளுங்கள்."

இந்தக் கடிதத்தைப் படித்தவருக்கு ஏஜெண்ட் தேவையா? மாதாமாதம் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, எதைச் செய்தால் போதாது என்பதும் தெரிகிறது. கார்டை முழுதாக அடைத்தாலும் மைவி இருக்கும்வரை விகிதம் கிட்டத்தட்ட 64-இல் நிற்கும். மைவி மட்டும் முடிந்து கார்டு அப்படியே கிடந்தால் 61. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இந்தக் கணக்கைப் பார்க்காமல், இருக்கிற சேமிப்பை எல்லாம் துடைத்துக் கார்டில் கொட்டிவிட்டு, அடுத்த மாதமே மனுப் போட்டால் மறுபடி அதே நாலு வரிக் கடிதம்தான் வரும், கையில் முன்பணத்துக்கு வைத்திருந்த காசும் போயிருக்கும்.

ஏழு மாதம் காத்திருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிசிரிஸ் காட்டுவது கடைசிப் பன்னிரண்டு மாதத்தை மட்டுமே. புதிய 0 ஒன்று சேரும்போது பழைய கட்டம் ஒன்று விலகும். ஏழு மாதம் தேதி தவறாமல் கட்டினால் பழைய 1-களும் 2-உம் பெரும்பாலும் விலகியிருக்கும். அதனால் தவணையை இனி மச்சான் கையில் விடக்கூடாது. பணத்தை மச்சானிடம் வாங்கி இவரே தன் கணக்கிலிருந்து கட்ட வேண்டும். உறவு கெடுமே என்று தயங்கினால் ஏழு மாதம் கழித்தும் அதே கட்டங்கள் அங்கே நிற்கும்.

திரும்ப எழுதும்போது ஒரு இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். "வருமானம் போதவில்லை" என்று வங்கி சொல்வதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, வருமானமே குறைவு. இன்னொன்று, வருமானம் இருக்கிறது, தாளில் இல்லை. கிள்ளானில் துணிக்கடையில் வேலை பார்த்துச் சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குபவர், சொந்த லாரி ஓட்டுபவர், வீட்டிலிருந்து கேட்டரிங் செய்யும் அம்மா, இவர்கள் எல்லாம் இரண்டாம் வகை. இவர்களிடம் "இன்னும் சம்பாதித்துவிட்டு வாருங்கள்" என்று எழுதுவது தப்பு வழிகாட்டுவது. இவர்களுக்குத் தேவை ஆறு மாதமாவது வங்கிக் கணக்கில் ஒழுங்காக விழும் பணம், சேமநிதிப் பதிவு, வருமான வரிப் படிவம். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் முதல் வீடு வாங்க அரசாங்க உத்தரவாதம் தரும் எஸ்ஜேகேபி திட்டமும் இருக்கிறது, வங்கியில் பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்த இடத்தில்தான் "சம்பளச் சீட்டு நாங்களே அடித்துத் தருகிறோம்" என்று ஒருவன் வருவான். வங்கி சேமநிதிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொய் பிடிபட்டால் கடன் மறுப்பு போலீஸ் வழக்காகிவிடும்.

காரணம் தெரியும் முன்பே ஐந்து வங்கியில் மனுப் போடுவதும் இதே வகை ஆபத்து. முடிவாகாமல் நிற்கும் மனுக்கள் சிசிரிஸில் தெரியும். ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் கைநீட்டுபவரைப் பார்த்து ஆறாவது வங்கி தயங்கத்தான் செய்யும். முதல் வங்கியின் காரணத்தைச் சரிசெய்யாமல் போனால் மற்ற வங்கிகளுக்கும் கிடைப்பது அதே சிசிரிஸ் தாள்தான்.

சிடோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது தனியார் நிறுவனம். நீதிமன்ற வழக்கு, திவால், வியாபாரப் பாக்கி போன்ற தகவலையும் அது சேர்க்கும். சிசிரிஸ் சுத்தமாக இருந்தும் மனு தள்ளப்பட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது அந்தத் தாளை. 2010-ஆம் ஆண்டுக் கடன் அறிக்கை நிறுவனச் சட்டப்படி உங்களைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் தவறைத் திருத்தக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. என்றைக்கோ அடைத்து முடித்த பாக்கி அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தால், கட்டிய ரசீதோடு போய் எழுதிக் கொடுங்கள்.

வங்கியின் முடிவை நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மனிடம் கொண்டுபோய் மாற்றலாம் என்று சிலர் சொல்லக் கேட்கலாம். கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் வியாபார முடிவு, அதில் அவர்கள் தலையிட மாட்டார்கள். அதில் நாளை வீணாக்காதீர்கள். தவணைச் சுமையே கழுத்தைப் பிடிக்கிறது என்றால் போக வேண்டிய இடம் ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள், தேவையானால் வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைப்பார்கள். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. ஏகேபிகே பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் அவர் ஏகேபிகே ஆள் இல்லை.

அவசரத்துக்கு ஆ லோங் பக்கம் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1951-ஆம் ஆண்டு வட்டிக்காரர் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் அடமானத்துடன் ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாமல் 18 விழுக்காடு, அதற்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. வாரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறவர், ஏடிஎம் கார்டையும் ஐசியையும் பிடித்து வைக்கிறவர், கடன் தரும் முன்பே "பத்திரச் செலவு" கேட்கிறவர், இவர்கள் யாரும் சட்டப்படி நடப்பவர்கள் அல்ல. கார்டைக் கொடுத்தால் உங்கள் கணக்கு வழியே வேறு யாருடைய மோசடிப் பணமோ ஓடும், போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடிதத்தின் அச்சை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஐயாவிடம் எடுத்த வருமானத்தையும் கூட்டிய தவணையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காதவர்தான் வெளியே போய் விளக்குக் கம்பத்து நம்பருக்கு அழைக்கிறார்.

கடிதம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். சிசிரிஸ் தாளை எடுங்கள். கிளையில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வந்த பதிலை எண்களோடு தமிழில் எழுதி, வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாக உங்கள் பெயரில் வண்டி ஓட்டுபவருக்கு, வாசித்துக் காட்டுங்கள். அதுவரை எந்த நோட்டீஸ் நம்பருக்கும் அழைக்காதீர்கள்.